எண்ணெய்ப் பொட்டு

ஜூலை மாத அலகுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். “டீச்சர், இந்தக் கணக்குக்குச் சுழியம் போட்டிருக்கிறீர்களா?”

சரோஜா தாளை வாங்கிப் பார்த்தார். சுழியம் இல்லை, எண்ணெய்ப் பொட்டு. காசு அளவுக்கு வட்டமாக ஊறி, பின்பக்கத்து வரிகள் அதன் வழியே தெரிந்தன. முழு மதிப்பெண் போட்டு உட்காரச் சொன்னார். கட்டுக்குள் இன்னும் எத்தனை தாள்களில் அந்த வட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

கும்பகோணத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தாறு, எடை 78 கிலோ. நான்கரைக்கு வீடு திரும்பும்போது மாமியார் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் தயாராக வைத்திருப்பார். பிறகு விடைத்தாள் கட்டு, சிவப்புப் பேனா, பக்கத்தில் முறுக்கு டப்பா. ஒன்பதரை மணிக்குத் தொலைக்காட்சி முன் நான்கு தோசை, உடனே படுக்கை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண்தான், “நீங்களும் கையை நீட்டுங்கள் டீச்சர்” என்றார். அங்கிருந்து அரசு மருத்துவமனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 சதவீதம். 6.5 தொட்டால் நோய், 5.7 தொட்டாலே எல்லைக்கோடு. டாக்டர் இடுப்பில் டேப்பைச் சுற்றி 98 சென்டிமீட்டர் என்று எழுதினார். பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டுமாம்.

அன்றிரவு சரோஜா நோட்டில் கால அட்டவணை போட்டார். வேறெப்படி யோசிப்பார்? மதியம் ஒரு சின்ன டப்பாத் தயிர்சாதத்தைப் பத்து நிமிடத்தில் விழுங்கினால் நான்கரைக்கு வயிறு கூப்பாடு போடத்தானே செய்யும்? கோளாறு அங்கே தொடங்கியது. மதியத்துக்குப் பருப்பும் பொரியலும் ஒரு முட்டையும் சேர்ந்தன. தாள்களைப் பள்ளியிலேயே ஐந்து மணி வரை திருத்திவிட்டு, கட்டைப் பீரோவில் பூட்டினார். முறுக்கு டப்பாவை யாரும் ஒளித்துவைக்கவில்லை. பக்கத்தில் திருத்தத் தாள் இல்லாதபோது அதன் மவுசு தானாகக் குறைந்தது.

பஜ்ஜிதான் சிக்கல். “என் கையால் செய்தது உனக்குக் கசந்துவிட்டதா?” என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்படியில்லை அத்தை. சுண்டல் செய்து கொடுங்கள். பஜ்ஜி ஞாயிற்றுக்கிழமை.”

“சுண்டல் நவராத்திரிக்குச் செய்வது.”

ஆனாலும் இரண்டு வாரத்தில் தட்டைப்பயறு ஊறத் தொடங்கியது. ஐந்தரைக்கு மாமியாரையும் அழைத்துக்கொண்டு மகாமகக் குளத்துக்குப் போவார். அத்தை படியில் உட்கார்ந்து தெரிந்தவர்களிடம் மருமகளைப் பற்றிக் குறை சொல்வார்; மருமகள் கரையைச் சுற்றுவார். ஒரு சுற்றுக்கு எட்டு ஒன்பது நிமிடம். முதலில் இரண்டு சுற்று, ஐப்பசிக்குள் நான்கு. மழை நாளில் மாடிப்படியில் ஏறி இறங்கினார், முழங்கால் முனகும் வரை. ஏழரைக்கு இரண்டு தோசை, ஒரு கிண்ணம் கீரைக் கூட்டு. பத்து மணிக்கு விளக்கு அணைந்தது.

முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. பிறகு தீபாவளி வந்தது. ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது. டிசம்பர் முழுக்க முள் அசையவே இல்லை. எடைப் பொறியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மாதம் ஒருமுறை தையல் டேப்பால் மட்டும் இடுப்பை அளந்தார். எடை நின்ற மாதங்களிலும் டேப் ஒன்றரைச் சென்டிமீட்டர் குறைத்துக் காட்டியது. கொழுப்பு போகிற வழியை எடைப் பொறி எப்போதும் சொல்வதில்லை.

பொங்கலுக்குத் தையற்காரரிடம் பழைய ரவிக்கைகளைக் கொடுத்தார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தையலைப் பார்த்தார். “பிடித்துவிடுகிறேன் டீச்சர். துணியை வெட்ட மாட்டேன். எப்படியும் மறுபடி பிரிப்பீர்கள்.”

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம் அவர் சொன்னதை மெய்யாக்கப் பார்த்தது. காலையும் மாலையும் போண்டா, வீடு சேர இருட்டிவிடும். மூன்று வாரம் குளமும் இல்லை, சுண்டலும் இல்லை. முகாம் முடிந்த மறுநாள் அத்தையே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “கிளம்பு. படியில் என் கூட்டாளிகள் காத்திருப்பார்கள்.”

ஜூன் மாதப் பரிசோதனையில் சர்க்கரை 5.6. எடை 70, இடுப்பு 89. “இன்னும் இருக்கிறது” என்றார் டாக்டர், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பள்ளி திறந்த வாரம் தலைமையாசிரியை சிறப்பு வகுப்புப் பட்டியலை நீட்டினார். எல்லா வருடமும் போல மாலை ஐந்து முதல் ஆறரை வரை சரோஜாவின் பெயர்.

“மாலையில் என்னால் முடியாது மேடம். காலை எட்டு மணிக்கு எடுக்கிறேன்.”

“எட்டு மணிக்கு யார் வருவார்கள்?”

“முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் ஏழே முக்காலுக்கே வாசலில் நிற்கிறார்கள். மற்றவர்களை வரவழைப்பது என் பொறுப்பு.”

தலைமையாசிரியை பென்சிலால் ஐந்தை அடித்து எட்டு என்று எழுதினார். “அப்படியானால் சனிக்கிழமையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

“சனிக்கிழமை மட்டும் ஒன்பது” என்றார் சரோஜா.