காதுகுத்து விருந்தும் நாற்பது லட்சமும்: மாதிரித் தேர்தல் ஆணைய விசாரணை

(சட்டக் கல்லூரி மாணவர்கள் நடிப்பதற்கு எழுதியது. தொகுதி, ஆட்கள், தொகைகள் கற்பனை, சட்டப்பிரிவுகள் உண்மை. வழக்கறிஞர்கள் மேஜையைத் தட்டிப் பேச வேண்டாம். அது சினிமா நீதிமன்றம்.)

இருப்பவர்கள்: தலைமைத் தேர்தல் ஆணையர், ஆணையர் 1, ஆணையர் 2, ஆணையச் செயலர், மனுதாரரின் வழக்கறிஞர் (பெண்), எதிர்மனுதாரரின் வழக்கறிஞர், பறக்கும் படை அலுவலர், சமையல் மாஸ்டர். மனுதாரரும் எதிர்மனுதாரரும் அவரவர் வழக்கறிஞருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

மேஜையில்: வேட்பாளரின் செலவுக் கணக்குப் பதிவேடு (வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் பக்கங்கள் தெரியும்படி), நிழல் கண்காணிப்புப் பதிவேடு, கம்பியில் குத்திய டோக்கன் கட்டு.

---

செயலர்: மேலக்கரை சட்டமன்றத் தொகுதி. தோற்ற வேட்பாளர் மனுதாரர், வென்றவர் எதிர்மனுதாரர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 10ஏ-யின் கீழ் விசாரணை. எதிர்மனுதாரர் தாக்கல் செய்த கணக்கின் மொத்தம் 36,85,200 ரூபாய். உச்சவரம்பு 40 லட்சம்.

தலைமை ஆணையர்: அம்மா, சொல்லுங்கள். சுருக்கமாக.

மனுதாரர் வழக்கறிஞர்: இரண்டே விஷயம், அய்யா. ஒன்று, வேட்புமனு தாக்கல் செய்த அன்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பிரியாணி விருந்து. கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டு, நட்சத்திரப் பேச்சாளர் வந்த பொதுக்கூட்டம். மேடைச் செலவு 1,80,000. மேடையில் மூன்று வேட்பாளர்கள் நின்றார்கள், ஆளுக்கு 60,000 வர வேண்டும். எதிர்மனுதாரர் காட்டியிருப்பது 20,000.

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: (எழுந்து) முதலில் ஓர் ஆட்சேபணை. மறைத்த செலவைச் சேர்த்தால் உச்சவரம்பைத் தாண்டுகிறது என்றால் அது பிரிவு 123(6), ஊழல் நடவடிக்கை. அதற்கு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட்டிருக்க வேண்டும். மனுதாரர் போடவில்லை. இங்கே வந்து நிற்கிறார். ஆணையம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முப்பது நாளுக்குள் கணக்கு வந்ததா? 27-ஆம் நாள் வந்துவிட்டது. முடிந்தது.

ஆணையர் 1: கணக்கு வந்தால் போதுமா, சரியான கணக்காக இருக்க வேண்டாமா?

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: அதை ஆராயும் அதிகாரம்...

மனுதாரர் வழக்கறிஞர்: அசோக் சங்கர்ராவ் சவான் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2014. கணக்கு உண்மையானதா என்று ஆணையம் பிரிவு 10ஏ-யில் விசாரிக்கலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

தலைமை ஆணையர்: ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது. பிரியாணிக்கு வாருங்கள்.

(லேசான சிரிப்பு. தலைமை ஆணையராக நடிப்பவர் சிரிக்கக் கூடாது.)

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: அது பிரியாணி விருந்து அல்ல அய்யா, காதணி விழா. என் கட்சிக்காரருடைய தேர்தல் முகவரின் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். பறக்கும் படையே போய்ப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறது. அலுவலரைக் கேளுங்கள்.

(பறக்கும் படை அலுவலர் முன்னால் வருகிறார்.)

அலுவலர்: சி-விஜில் செயலியில் பகல் 1.10-க்குப் புகார் வந்தது. 1.24-க்கு மண்டபத்தில் இருந்தோம். கொடி, தோரணம், சின்னம் எதுவும் இல்லை. வாசலில் காதணி விழா பேனர். புகாரை முகாந்திரம் இல்லை என்று முடித்தோம்.

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: நன்றி. அவ்வளவுதான்.

மனுதாரர் வழக்கறிஞர்: சார், மண்டபத்தில் எத்தனை நிமிஷம் இருந்தீர்கள்?

அலுவலர்: பத்து நிமிஷம் இருக்கும்.

மனுதாரர் வழக்கறிஞர்: குழந்தையைப் பார்த்தீர்களா?

அலுவலர்: (யோசித்து) குழந்தைகள் நிறைய இருந்தார்கள்.

மனுதாரர் வழக்கறிஞர்: காது குத்திய குழந்தையை?

அலுவலர்: அப்படிக் குறிப்பாகப் பார்க்கவில்லை.

மனுதாரர் வழக்கறிஞர்: சாப்பிட வந்தவர்கள் கையில் ஏதாவது இருந்ததா?

அலுவலர்: டோக்கன் இருந்தது. பெரிய விசேஷங்களில் கொடுப்பதுதானே.

மனுதாரர் வழக்கறிஞர்: சமையல் மாஸ்டரை அழைக்க அனுமதி வேண்டும்.

(சமையல் மாஸ்டர் வருகிறார். தோளில் துண்டு. நாற்காலியைக் காட்டினாலும் உட்காராமல் நிற்கிறார். இந்தப் பாத்திரத்தைக் கோமாளியாக்க வேண்டாம். இந்த அறையில் ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.)

மனுதாரர் வழக்கறிஞர்: அண்ணே, அன்றைக்கு எத்தனை சாப்பாடு போட்டீர்கள்?

மாஸ்டர்: ஆயிரத்து ஐந்நூத்தி பன்னெண்டும்மா.

ஆணையர் 2: அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறீர்கள்?

மாஸ்டர்: தட்டுக்கு நூத்தம்பதுன்னு பேச்சு அய்யா. டோக்கனை எண்ணித்தான் காசு. அதான் பந்தி பந்தியா வாங்கிக் கம்பியில குத்தி வச்சுட்டேன். அந்தா மேசையில கிடக்குது பாருங்க.

(செயலர் கம்பியை எடுத்துத் தலைமை ஆணையரிடம் கொடுக்கிறார். அவர் ஒரு டோக்கனை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அவசரம் வேண்டாம், இந்த இடத்தில் அரங்கம் காத்திருக்கட்டும்.)

தலைமை ஆணையர்: இதில் 'பா.எ. 147' என்று இருக்கிறதே. என்ன அது?

மாஸ்டர்: அது எனக்குத் தெரியாதுங்க அய்யா. அந்த நம்பர் வாரியா பந்தி உட்கார வைக்கச் சொன்னாங்க.

மனுதாரர் வழக்கறிஞர்: பாகம் எண், அய்யா. வாக்காளர் பட்டியலின் பாகம் எண். 141 முதல் 152 வரை பன்னிரண்டு பாகங்கள். மேலக்கரை டவுன் வாக்குச்சாவடிகள். காதுகுத்துக்கு எதற்குப் பாகம் எண்?

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: உறவுக்காரர்கள் தெருவாரியாக வந்திருக்கலாம்...

ஆணையர் 1: எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாக்காளர் பட்டியலை யாரும் எடுத்துவரவில்லை. சரி, மேலே போங்கள்.

மனுதாரர் வழக்கறிஞர்: அண்ணே, காசு யார் கொடுத்தது?

மாஸ்டர்: முன்பணம் இருபத்தஞ்சாயிரம் ஜிபேயில வந்துச்சு. ரெண்டு நாள் முன்னாடியே. அன்னைக்கு ஒன்றரை லட்சம் ரொக்கமா கொடுத்தாங்க. மிச்சம் பாக்கி.

மனுதாரர் வழக்கறிஞர்: ஜிபே வந்த எண் தேர்தல் முகவருடையது. ஆவணம் 4. பிரிவு 77 சொல்வது வேட்பாளர் செய்த செலவை மட்டுமல்ல, அவருடைய தேர்தல் முகவர் செய்ததையும்தான். தேர்தல் செலவில் ஒருவருக்கு ரொக்கமாக மொத்தமே பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. இங்கே ஒன்றரை லட்சம்.

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: அவர் அதைத் தேர்தல் முகவராகக் கொடுக்கவில்லையே! தாய்மாமனாகக் கொடுத்தார். நம் ஊரில் காதுகுத்துச் செலவு யாருடையது? தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் ஒரு குழந்தைக்குக் காது குத்துவார்களா? சீர் செய்வதும் சாப்பாடு போடுவதும் அவர் கடமை. தங்கைக்குச் செய்ததைத் தேர்தல் செலவு என்றால், தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்காரன் வீட்டிலும் விசேஷம் வைக்க முடியாது.

(இது நல்ல வாதம். நடிப்பவர் இதை நம்பிச் சொல்ல வேண்டும். ஆணையர்கள் குறிப்பெடுக்கிறார்கள்.)

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: இன்னொன்றும் உண்டு. விருந்து பகல் பன்னிரண்டரைக்கு. என் கட்சிக்காரர் வேட்புமனுக் கொடுத்தது 2.40-க்கு. சாப்பாடு நடந்தபோது அவர் வேட்பாளரே இல்லை.

ஆணையர் 2: பிரிவு 77-ஐக் கையில் வைத்திருக்கிறீர்களா? வேட்புமனு நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை. அந்த இரண்டு நாட்களும் சேர்த்து என்றுதானே இருக்கிறது? மணிக்கணக்கு எங்கே வருகிறது?

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: (தாளைப் புரட்டி) ...நாள் என்றுதான் இருக்கிறது, அய்யா.

மனுதாரர் வழக்கறிஞர்: தாய்மாமன் விஷயத்துக்கு வருகிறேன். காதணி விழாப் பத்திரிகை, ஆவணம் 6. முகூர்த்தம் பகல் 12.15-லிருந்து 1.15-க்குள். அடுத்தது ஆவணம் 7, தேர்தல் நடத்தும் அலுவலர் அறையில் எடுத்த வீடியோ. வேட்பாளருடன் நால்வர்தான் உள்ளே போகலாம். அந்த நால்வரில் ஒருவர் தேர்தல் முகவர். தங்களுக்கு முன் ஆறு பேர் வரிசையில் இருந்ததால் 12.05 முதலே அந்த வளாகத்தில் காத்திருந்தார்கள். முகவர் 2.50 வரை வெளியே போகவில்லை. அப்படியானால் குழந்தை யார் மடியில் உட்கார்ந்தது?

(அமைதி. எதிர்மனுதாரர் தன் வழக்கறிஞரின் சட்டையை இழுத்து ஏதோ சொல்கிறார். வழக்கறிஞர் தலையை அசைத்து மறுக்கிறார்.)

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: வேறொரு மாமன் இருந்திருக்கலாம். பங்காளி முறையில்... அதை நிரூபிக்க அவகாசம் தேவை.

தலைமை ஆணையர்: பத்திரிகையில் ஒரு தாய்மாமன் பெயர்தான் இருக்கிறது. மேடைச் செலவு பற்றி?

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: கட்சி செய்த செலவு. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது.

ஆணையர் 1: பயணச் செலவு வராது. மேடை வரும். நின்றவர்கள் சமமாகப் பங்கு போட வேண்டும். 20,000 எப்படி வந்தது?

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: என் கட்சிக்காரர் கொஞ்ச நேரம்தான் மேடையில் இருந்தார்.

ஆணையர் 1: அதற்குத் தள்ளுபடி கிடையாது.

தலைமை ஆணையர்: செயலர், கூட்டிச் சொல்லுங்கள்.

செயலர்: தாக்கல் செய்த கணக்கு 36,85,200. சாப்பாடு 1,512 தட்டு, மாவட்ட விலைப்பட்டியலும் தட்டுக்கு 150 தான், 2,26,800. மண்டபம், நாற்காலி, பாத்திர வாடகை ரசீதுப்படி 48,000. மேடையில் விடுபட்டது 40,000. மொத்தம்... (நிறுத்தி, மறுபடி கூட்டுகிறார்) சரியாக 40,00,000 ரூபாய்.

ஆணையர் 2: கணக்கு வாத்தியார் போட்ட கேள்வி மாதிரி இருக்கிறது.

எதிர்மனுதாரர் வழக்கறிஞர்: (துள்ளி எழுந்து) உச்சவரம்பைத் தாண்டவில்லை! மனுதாரர் சொன்னதை எல்லாம் சேர்த்தும் தாண்டவில்லை!

மனுதாரர் வழக்கறிஞர்: டோக்கன் இல்லாமல் யாராவது சாப்பிட்டார்களா என்று மாஸ்டரைக் கேட்கலாமே.

மாஸ்டர்: சின்னப் பிள்ளைங்க சாப்பிட்டுச்சுங்க. பிள்ளைங்களுக்கு நான் காசு கேக்கிறதில்ல.

(மூன்று ஆணையர்களும் தலைகளைச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆணையர் 2 ஒப்புக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிய வேண்டும்.)

தலைமை ஆணையர்: பெரும்பான்மை முடிவு. எண்ணப்படாத பிள்ளைகளை வைத்து உச்சவரம்பு மீறப்பட்டது என்று நாங்கள் சொல்ல முடியாது. மீறல் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எங்கள் முன் உள்ள கேள்வி அது மட்டும் அல்ல. மூன்று லட்சத்துக்கு மேல் செலவு மறைக்கப்பட்டிருக்கிறது. விருந்து எழுதாமல் விடுபட்டதல்ல, வேறு பெயரில் நடத்தப்பட்டது. சட்டம் சொல்லும் முறையில் கணக்கு தாக்கலாகவில்லை. மறைத்ததற்குத் தகுந்த காரணமும் காட்டப்படவில்லை. பிரிவு 10ஏ-யின் கீழ் எதிர்மனுதாரர் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்படுகிறார். வாக்காளருக்குச் சாப்பாடு போட்டது லஞ்சமா என்பதற்குள் இந்த ஆணை போகவில்லை.

ஆணையர் 2: என் மாறுபட்ட கருத்து: விருந்தை மறைத்தது தவறுதான். ஆனால் உச்சவரம்புக்குள் செலவு செய்தவரை மூன்றாண்டு ஒதுக்கும் முன், வேறொரு தாய்மாமன் இருந்தாரா என்று நிரூபிக்க அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பதினைந்து நாளில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தலைமை ஆணையர்: பதிவு செய்யப்பட்டது. விசாரணை முடிந்தது.

(எல்லோரும் எழுகிறார்கள். மாஸ்டர் மட்டும் நகரவில்லை.)

மாஸ்டர்: அய்யா, எனக்கு இன்னும் ஐம்பத்தோராயிரத்து எண்ணூறு பாக்கி இருக்குதுங்க. அது யார்கிட்ட கேக்கணும்? வேட்பாளர்கிட்டயா, தாய்மாமன்கிட்டயா?

(தலைமை ஆணையர் எதிர்மனுதாரரைப் பார்க்கிறார். எதிர்மனுதாரர் செருப்பைத் தேடுகிறார்.)

செயலர்: டோக்கன் கட்டு ஆவணம் 9. அது இங்கேயே இருக்கட்டும், அண்ணே. நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

(விளக்கு அணைகிறது.)