அம்மாவோட டாக்டர் பேசினது: முழுசா படிங்க, குறிப்பா மதினி

அண்ணா, மதினி, அக்கா, தம்பி, எல்லாருக்கும். இன்னைக்கு செவ்வாய் காலைல மதுரைல இதய டாக்டர்கிட்ட அம்மாவைக் காட்டினேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேச்சைப் பதிவு பண்ணினேன், 14 நிமிஷம் ஓடுது. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை கேட்டு இதை எழுதுறேன்.

எக்கோல பம்பிங் 40 சதவீதம்னு வந்திருக்கு, 55-க்கு மேல இருக்கணுமாம். இதயம் தள்ளுற வேகம் குறைஞ்சதால தண்ணி உடம்புலயே தங்குது. கால் வீக்கம், படுத்தா மூச்சு முட்டுறது எல்லாம் அதனாலதான். அட்மிட் ஆக வேண்டியதில்லை, வீட்டுலயே கட்டுப்படுத்தலாம்னு சொன்னார்.

மாத்திரைல குழப்பம் வரக்கூடாது. புதுசு ரெண்டு. நீர் மாத்திரை ஃப்யூரோசமைட் 40, ஒரு முழு மாத்திரை. ஸ்பைரோனோலாக்டோன் 25, பாதி மாத்திரை. ரெண்டும் காலை 8 மணிக்கு, சாப்பிட்டதும். ரெகார்டிங்ல அந்த இடத்துல ஃபேன் சத்தம், "பாதி"ன்னு மட்டும்தான் கேக்குது, எது பாதின்னு தெரியல. சீட்டுல எழுத்தும் புரியல. அதனால சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, நர்ஸ் டாக்டர்கிட்ட கேட்டுச் சொன்னதைத்தான் இங்க எழுதியிருக்கேன். நீர் மாத்திரை காலைல மறந்துட்டா மதியம் 2 மணிக்குள்ள கொடுக்கலாம். அதுக்கு மேல வேண்டாம். ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு பாத்ரூம்ல விழுந்துடுவாங்க. மறுநாள் சேர்த்து ரெண்டு போடவும் கூடாது.

மெட்டோப்ரோலால், டெல்மிசார்டான், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மூணும் பழையபடி. அம்லோடிபின் மட்டும் நிறுத்தியாச்சு, அதுவே கால் வீக்கம் தரக்கூடியதாம். டப்பால மிச்சம் இருக்கிற அட்டையை மதினி இன்னைக்கே எடுத்துடுங்க. அம்மா "மீதி இருக்கே, வீணாக்கவா"ன்னு போட்டுப்பாங்க.

அடுத்ததுதான் எனக்குத் திக்குன்னு இருந்தது. அம்மா நம்மகிட்ட சொல்லாததை டாக்டர்கிட்ட சொன்னாங்க. முட்டி வலிக்கு மெடிக்கல் கடைல கேட்டு மூணு மாசமா வலி மாத்திரை போடுறாங்களாம், "எப்பவாவதுதான் சார்"னு. அவர் அட்டையை வாங்கிப் பார்த்துட்டு, இது டைக்ளோஃபெனாக், தண்ணியை உடம்புல பிடிச்சு வைக்கும், கிட்னியையும் கெடுக்கும், ஒண்ணுகூடத் தொடாதீங்கன்னார். வலின்னா பாராசிட்டமால் 500, ஒரு நாளைக்கு அதிகபட்சம் நாலு. செல்விகிட்டயும் சொல்லி வைங்க, அவதான் கடைக்குப் போறா.

தண்ணி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். காலைல ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைங்க, குடிக்கிற தண்ணி அதோட சரி. மிச்ச அரை லிட்டர் காபி, மோருக்கு. நாக்கு வறண்டா வாய் கொப்பளிக்கலாம்.

உப்பைக் குறைச்சுப் போடுங்க. ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு வேண்டாம். "ஊறுகாய் இல்லாம மோர்சோறு எப்படி சார் இறங்கும்"னு அம்மா கேட்டாங்க. "ஜாடியைப் பூட்டி வைங்க"ன்னு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணா, நார்த்தங்காய் ஜாடி உங்க பொறுப்பு. இன்னொண்ணு: அக்கா வாங்கி அனுப்பின "சோடியம் குறைஞ்ச உப்பு" கூடவே கூடாது. அதுல பொட்டாசியம் இருக்கு, ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தைக் கூட்டும், இதயத் துடிப்பே தப்பிடலாமாம். ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் இளநீரும் வேண்டாம்.

எடை பார்க்கிறதைத்தான் அவர் மூணு தடவை சொன்னார். தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும், காபிக்கு முன்னாடி, நைட்டியோட. காலண்டர்லயே எழுதுங்க. இன்னைக்கு வந்ததும் நம்ம வீட்டு மெஷின்ல 62 கிலோ. மூணு நாளைக்குள்ள 2 கிலோ ஏறினா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஃபோன், அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வீக்கம் கூடினாலும், ராத்திரி தலையணை கூடுதலா கேட்டாலும் அதே. வாந்தி பேதி வந்தாலோ, எந்திரிச்சா தலை சுத்தினாலோ, கேட்டுட்டுத்தான் அடுத்த மாத்திரை.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, மயங்கினா யாரையும் கேட்க வேண்டாம், 108.

அடுத்த செவ்வாய் காலைல ரத்தம் கொடுக்கணும்: கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம். அண்ணா, நீங்க அன்னைக்கு கடையைக் கொஞ்சம் லேட்டா திறந்தா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடலாம். ரிசல்ட்டை எனக்கு அனுப்புங்க, நான் டாக்டருக்குக் காட்டுறேன். ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் போகணும், அதுக்கும் நானே வர்றேன்.

தம்பி, நீ துபாய்ல இருந்து ஆடியோ முழுக்கக் கேட்க நேரமில்லைன்னா 9:40-ல இருந்து கேளு, வலி மாத்திரை விஷயம் அங்கதான் வருது. அம்மாவைத் திட்டாத. "பிள்ளைங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான்"னு அவங்க சொல்றதும் அதுலயே இருக்கு.