அனுபவச் சான்றிதழ் கேட்கும் கடிதம்: திருத்திய படி

தமிழரசி கண்ணு,

பழைய கம்பெனிக்கு அனுப்ப நீ எழுதிய கடிதத்தைப் படித்தேன். எழுத்துப் பிழை கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய குறை, சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருக்கிறாயே தவிர, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. இப்படிக் கேட்டால் "இவர் எங்களிடம் வேலை செய்தார், நல்லவர்" என்று இரண்டு வரி அடித்து சீல் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். டைம் ஆபீசில் உட்கார்ந்து நானே அப்படி எத்தனையோ கொடுத்திருக்கிறேன். கனடா குடியேற்றத் துறைக்கு அது ஆகாது. பதவி, செய்த வேலைகள், தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும்.

முதலில் பிழைகள். "முன்னால் ஊழியர்" என்று எழுதியிருக்கிறாய், "முன்னாள்" என்று இருக்க வேண்டும். முதலாளிக்கு முன்னால் போய் நிற்கிற மாதிரி இருந்தது! "அனுபவ சான்றிதழ்" இல்லை, "அனுபவச் சான்றிதழ்". "கேட்டு கொள்கிறேன்" என்பதில் ஒரு க் விட்டுப்போயிற்று, சேர்த்தும் எழுத வேண்டும். ஓரிடத்தில் "தாங்கள்", அடுத்த வரியில் "நீங்க". தாங்கள் என்றே வைத்துவிட்டேன்.

"சுமார் ஐந்து வருடம்" என்பதை எடுத்துவிட்டேன். சுமார் என்றாலே சந்தேகம் வரும். விலகிய நாள் என்று ஜூலை 31 போட்டிருக்கிறாய். அது நீ ராஜினாமா கொடுத்த நாள். கடைசியாக வேலை பார்த்தது ஆகஸ்ட் 31. பிஎஃப் கணக்கிலும் அந்தத் தேதிதான் இருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் சொல்வது உன் பாடு.

கடைசி தீபாவளி போனஸ் பாக்கி, லேபர் ஆபீஸ் என்று எழுதியிருந்த பத்தியை முழுக்க அடித்துவிட்டேன். உன் கோபம் நியாயம்தான். ஆனால் அதைப் படித்ததும் கடிதம் மேனேஜர் மேசையிலிருந்து வக்கீல் மேசைக்குப் போய்விடும். போனஸைத் தனியாகக் கேட்கலாம், சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.

சரி, திருத்திய கடிதம் இது:

பொருள்: அனுபவச் சான்றிதழ் வேண்டுதல் – டோக்கன் எண் 418

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் சு. தமிழரசி. 6.6.2016 அன்று உதவி மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து, 1.4.2018 முதல் மெர்ச்சண்டைசராகப் பணியாற்றி, 31.8.2021 அன்று விலகினேன். தற்போது கனடாவில் டொராண்டோவில் வசிக்கிறேன்.

இங்கு நிரந்தர வசிப்புரிமை கோரி விண்ணப்பிக்க எனது அனுபவச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அது நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில், கீழ்க்கண்ட விவரங்களுடன் அமைய வேண்டும்: நான் வகித்த இரு பதவிகள், அவற்றின் தேதிகள், வாரத்துக்கு 48 மணி நேர முழுநேரப் பணி, விலகியபோது பெற்ற மாதச் சம்பளம் ரூ.24,500, அதாவது ஆண்டுக்கு ரூ.2,94,000, நான் செய்த வேலைகள். பையர்களுடன் கடிதப் போக்குவரத்து, சாம்பிள் ஒப்புதல் பெறுதல், துணி மற்றும் உதிரிப் பொருள்களுக்கு ஆர்டர் கொடுத்தல், கட்டிங் முதல் பேக்கிங் வரை உற்பத்தியைத் தொடர்ந்து கவனித்து ஷிப்மெண்ட் தேதிக்குள் முடித்தல் ஆகியவை என் பொறுப்பில் இருந்தன.

கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, நிறுவனத்தின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். தங்கள் அலுவலகத்துக்கு வேலை குறைய ஆங்கில மாதிரி ஒன்றை இணைத்துள்ளேன். தங்கள் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் திருத்திக்கொள்ளவும். பணி நியமனக் கடிதம், விலகல் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களும் உடன் உள்ளன.

சான்றிதழின் ஸ்கேன் படியை இதே மின்னஞ்சலுக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். அசல் சான்றிதழை, அவிநாசியில் இருக்கும் என் தந்தை என் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்துடன் நேரில் வந்து பெற்றுக்கொள்வார்.

தங்கள் நிறுவனத்தில் கற்ற வேலைதான் இங்கும் எனக்குக் கைகொடுக்கிறது. மிக்க நன்றி.

இப்படிக்கு,
சு. தமிழரசி

கடைசி வரி நீ எழுதியதுதான், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. "தங்கள் பாதம் பணிந்து" என்பதை மட்டும் எடுத்தேன். நீ வேலை செய்த கணக்கைத்தானே கேட்கிறாய், பிச்சையா கேட்கிறாய்?

சனிக்கிழமை அனுப்பாதே. திருப்பூரில் அன்று சம்பள நாள், ஆபீசில் யாரும் மெயிலைத் திறக்க மாட்டார்கள். உங்கள் ஊர் திங்கள் ராத்திரி அனுப்பினால் இங்கே செவ்வாய் காலையில் மேனேஜர் முன்னால் இருக்கும். அனுப்பியதும் எனக்கு ஒரு போன் போடு. புதன்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு நானும் ஆபீசுக்குப் போய் ஞாபகப்படுத்திவிட்டு வருகிறேன்.

பெரியப்பா