தீவனம் மறுத்துப் பாலும் குறைந்துவிட்ட கறவை மாட்டைப் பற்றிக் கால்நடை மருத்துவருக்கு ஒரு கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை

மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என்னிடம் இருக்கும் இரண்டு கறவை மாடுகளில் மூத்ததான கலப்பின ஜெர்சிப் பசு கடந்த சனிக்கிழமை முதல் தீவனத்தைச் சரியாக எடுக்கவில்லை. கறவையும் பாதியாகக் குறைந்துவிட்டது. தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை என் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கொட்டிலுக்கு வரும்போது எதை எடுத்து வர வேண்டும் என்று தாங்கள் முடிவு செய்ய உதவும் என்பதால், கண்டவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாட்டுக்கு வயது ஏழு. இது நான்காம் ஈற்று. கன்று ஈன்று மூன்று வாரம் முடிந்து நான்காவது வாரம் நடக்கிறது. கன்று தானாகவே வெளியே வந்தது, நஞ்சுக்கொடியும் அன்றே முழுமையாக விழுந்துவிட்டது, பிறகு துர்நாற்றமுள்ள கசிவு எதுவும் இல்லை. சென்ற ஈற்றில் ஈன்ற மறுநாளே எழ முடியாமல் படுத்து, சுண்ணாம்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றிய பிறகு எழுந்து நின்ற மாடு இது. ஆகவே இம்முறை அந்த நாட்களில் மிகவும் கவனமாக இருந்தோம். அப்படி எதுவும் நேரவில்லை. இப்போதும் காதுகள் குளிர்ந்திருக்கவில்லை, தானாகவே படுக்கிறது, தானாகவே எழுகிறது. பால்வற்றிய காலத்தில் நல்ல சதைப்பிடிப்போடு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈன்றபோது விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது; இப்போது எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

சென்ற வாரம் வரை காலையில் எட்டு லிட்டரும் மாலையில் ஆறு லிட்டரும் கறந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை நான்கரை லிட்டர்தான் வந்தது. கறவை நேரம் சற்றுத் தள்ளிப்போனதால் இருக்கும் என்று முதலில் எண்ணினேன், ஆனால் ஞாயிறு காலை ஐந்தரை, நேற்று காலை நான்கு, மாலை மூன்று என்று இறங்கிக்கொண்டே போகிறது. இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. பால் சேகரிப்பு நிலையத்தில் இம்மாட்டின் பாலைத் தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். வழக்கமாக 4.1 என்று வரும் கொழுப்பு அளவு நேற்று 5.3 காட்டியது. பால் குறையும்போது கொழுப்பு சற்றுக் கூடுவது புதிதல்ல என்றாலும், இந்த அளவுக்கு ஏறி நான் பார்த்ததில்லை.

மாடு எல்லாத் தீவனத்தையும் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. முதலில் ஒதுக்கியது கலப்புத் தீவனத்தைத்தான். வாளியைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வரும் மாடு, இப்போது மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. சோளத்தட்டையை மட்டும் கொஞ்சம் மெல்லுகிறது, வைக்கோலைப் பொறுக்கித் தின்கிறது. தண்ணீர் குடிப்பதும் குறைந்திருக்கிறது. அசைபோடுவது அபூர்வம், படுத்திருக்கும்போது பார்த்தால் வாய் அசையாமல் கண் அரைகுறையாகச் செருகியிருக்கிறது. இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்துப் பார்த்தேன். நல்ல நாளில் ஒரு நிமிடத்திற்கு ஒரு முறையாவது கையைத் தள்ளிவிட்டு உருளும். இப்போது வெகுநேரம் காத்திருந்தும் மெலிதாக ஓர் அசைவுதான் தெரிந்தது. வயிறு உப்பவில்லை. சாணம் குறைவாகவும் இறுகியும், மேலே வழவழப்பான படலத்தோடும் விழுகிறது. கழிச்சல் இல்லை.

உடல் வெப்பத்தை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்தேன். நேற்று மாலை 101.6 டிகிரி ஃபாரன்ஹீட், இன்று காலை 101.3. மூக்கு ஈரமாகவே இருக்கிறது, இருமலோ சளியோ இல்லை. மடியில் வீக்கமோ சூடோ இல்லை. நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் பிடித்துப் பார்த்ததில் திரியோ, தண்ணீர்போல் பிரிவதோ, நிறமாற்றமோ தென்படவில்லை. குளம்பிலும் வாயிலும் புண் இல்லை.

என் மனைவி கண்டுபிடித்ததையும் எழுத வேண்டும். நேற்றுக் காலை கறக்க உட்கார்ந்தவள், மாட்டின் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வருவதாகச் சொன்னாள். எனக்கு அந்த வாடை பிடிபடவில்லை, ஆனால் அவளுக்கு மூக்கு என்னைவிடக் கூர்மை; கறந்த பாலிலும் லேசாக வருகிறது என்கிறாள். அதோடு நேற்று இரவு மாடு தன் கட்டுத்தறிக் கம்பத்தை விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் கம்பத்தில் ஒரு முழ உயரத்திற்குப் பழைய சாணக்கறை எல்லாம் போய் மரம் வெளுத்துக் கிடந்தது. உப்புக் கட்டியை அருகில் வைத்தும் அதைத் தொடவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், ஈன்ற சில வாரங்களில் பால் மிகுந்த மாடுகளுக்கு வரும் கீட்டோசிஸாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உறுதியாகச் சொல்லத் தயக்கமாக உள்ளது. சென்ற வாரம் கொட்டிலின் கூரைத் தகடுகளைக் கம்பி கொண்டு கட்டினார்கள். வேலை முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தோம் என்றாலும், தீவனத்தோடு ஒரு துண்டு உள்ளே போயிருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. மாடு முதுகைக் கூனி நிற்கவில்லை, எழும்போது முனகவில்லை, சரிவில் இறங்கவும் தயங்கவில்லை. இருந்தும் இதைத் தாங்கள் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதினேன். ஈன்ற பின் இரைப்பை இடம் மாறுவதும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அதைத் தட்டிப் பார்த்துக் கண்டறியத் தங்களால்தான் முடியும்.

தீவனத்தில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அதே கலப்புத் தீவனத்தையும் சோளத்தட்டையையும் தின்னும் இளைய மாடு நன்றாக இருக்கிறது. குடற்புழு மருந்து ஈனுவதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது, கோமாரித் தடுப்பூசியும் போட்டிருக்கிறோம். இதுவரை ஊசி மருந்து எதுவும் போடவில்லை. வெல்லக் கரைசலை மூங்கில் குழாயில் ஊற்றி வாயைத் திறந்து புகட்டச் சொல்லிச் சிலர் வற்புறுத்தினார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாய்வழி மருந்து ஏதேனும் தருவதாக இருந்தால் எப்படிப் புகட்ட வேண்டும் என்று ஒருமுறை செய்து காட்டினால் நல்லது.

இன்று மாலைக்குள் தாங்கள் வர முடியுமா என்பதை மகனிடம் சொல்லியனுப்புங்கள். வர இயலாவிட்டால் அதுவரை கலப்புத் தீவனத்தை அறவே நிறுத்திவிடலாமா, கறப்பதை ஒருவேளையாகக் குறைக்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். காலையில் பிடித்த சிறுநீரைச் சுத்தமான சீசாவில் மூடி அனுப்பியிருக்கிறேன். சோதிக்க உதவுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கன்று இன்னும் தாயிடம்தான் குடிக்கிறது. மருந்து கொடுத்தால் அந்தப் பாலைக் கன்றுக்கு விடலாமா, எத்தனை நாள் விற்பனைக்கு ஊற்றாமல் இருக்க வேண்டும் என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தந்தால் குழப்பமிருக்காது.

நேற்று இரவிலிருந்து இந்த மாட்டின் பாலைத் தனிப் பாத்திரத்தில்தான் கறந்து வைக்கிறோம், நிலையத்திற்கு ஊற்றவில்லை. தாங்கள் வரும்போது மாட்டை வெளிச்சத்தில் கட்டி, கைகழுவ வெந்நீரும் சோப்பும் எடுத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முருகேசன்