பேரேட்டைவிட்டு எழுந்து வருகிற அண்ணனுக்கு: பணி ஓய்வு வழியனுப்பு விழா வாழ்த்துரை

மதிப்பிற்குரிய கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, உடன் பணியாற்றும் தோழர்களே, நாற்றங்கால் வேலையை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, இந்த மாலைப்பொழுதுக்கு உரியவரான எங்கள் அண்ணன் அவர்களே, அவருடன் வந்திருக்கும் அண்ணியார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அண்ணன் மாலைத் தொழுகைக்குச் செல்ல வேண்டியவர் என்பதால் கூட்டத்தை மூன்று மணிக்கே வைத்தோம். என் பேச்சு நீண்டு அவருக்குத் தாமதமானால் குற்றம் என்னுடையது. ஆகவே எழுதி வைத்ததை மட்டும் படிக்கிறேன்.

அண்ணன் அவர்களே, நகைக்கடன் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக உங்களுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் இந்த வாழ்த்துரையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதலில் எழுதிய தாளில் என் வீட்டில் சொல்லிப் பழகிய ஆசிச் சொற்கள்தாம் வரிசையாக வந்து விழுந்தன. எங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர் இரண்டாவது வரியிலேயே இருந்தது. எழுதியது மனமாரத்தான், ஆனாலும் படித்துப் பார்த்தபோது, வாழ்த்துப் பெறுகிறவர் நீங்களாக இருக்க, பேசுவது என் வீட்டுப் பூசையறையாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நண்பர் ஒருவர் 'மத நல்லிணக்கத்தின் அடையாளமே' என்று உங்களை விளிக்கும் ஒரு பத்தியை எழுதித் தந்தார். நாகூரையும் வேளாங்கண்ணியையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் ஒரே மூச்சில் அடுக்கியிருந்தார். நம் பக்கத்து மேடைகளில் அது இல்லாமல் பேச்சு முடிவதில்லை. அதையும் சேர்க்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பயிர்க்கடன் பேரேட்டை ஒரு அடித்தல் திருத்தலுக்கு இடமில்லாமல் எழுதிய மனிதரை, அவர் செய்த வேலைக்காகப் புகழாமல் அவர் பிறந்த சமயத்துக்காகப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வேலையைப் பற்றிச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, நம் சங்கத்தின் பின்பக்கக் கூரை ஓடுகள் பறந்து, பதிவறைக்குள் மழை இறங்கியது. தென்னை மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டிருந்ததால் நாங்கள் மறுநாள்தான் வந்து சேர்ந்தோம். நீங்களோ சைக்கிளை மரங்களுக்கு மேல் தூக்கித் தூக்கி வைத்து அன்று மதியமே வந்திருந்தீர்கள். வெயில் வந்ததும் வாசலில் கோரைப்பாயை விரித்து, நனைந்த பேரேட்டின் ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பழைய செய்தித்தாளைச் செருகி, மை பரவாமல் உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு தென்னை விழுந்திருந்த செய்தி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று காய்ந்த அந்தத் தாள்களைக் கொண்டுதான் நம் உறுப்பினர்களின் கடன் நிலுவை பின்னாளில் சரிபார்க்கப்பட்டது.

பயிர்க் காப்பீட்டுக்குச் சம்பா பருவத்தில் விவசாயி செலுத்தும் ஒன்றரை விழுக்காட்டுப் பிரீமியத்தை வாங்கி ரசீது போடுவதோடு எவரும் நிறுத்திக்கொள்ளலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. நீங்கள் அடங்கலையும் சிட்டாவையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண்ணை விரலால் தொட்டு வாய்விட்டுப் படித்து, வருவாய்க் கிராமத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று விவசாயியையே ஒருமுறை சொல்லச் சொல்வீர்கள். கிராமத்தின் பெயர் மாறிப் பதிவானால் வயல் மூழ்கிய பிறகு இழப்பீடு வராமல் போகும் என்பது அந்த வரிசையில் நிற்கிறவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கடைசி நாளின் நெரிசலில் நாங்கள் எரிச்சலோடு உங்களைப் பார்த்ததுண்டு. அதற்கு இன்று வருத்தம் தெரிவிக்கிறேன்.

இன்னொன்றுக்கும் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டின் ஆயுதபூசையன்று அலமாரியைத் துடைத்துப் பேரேடுகளை அடுக்கித் தந்தவர் நீங்கள்தான். பூசை முடிந்ததும், புதியவன் என்ற உற்சாகத்தில், திருநீற்றுத் தட்டை நேராக உங்கள் முன் நீட்டினேன். நீங்கள் முகம் சுளிக்காமல் தட்டின் விளிம்பைத் தொட்டு அதை எனக்கே மெல்லத் திருப்பிவிட்டு, 'பொரியை எடுங்க தம்பி, அதுல எனக்கும் பங்கு உண்டு' என்று சிரித்தீர்கள். மறுக்கவும் தெரிந்து, மறுப்பு எனக்கு வலிக்காமலும் பார்த்துக்கொண்ட அந்தப் பக்குவம் எனக்கு வர வெகு காலம் பிடித்தது. இன்று இந்த மேடையில் சந்தனத் தட்டும் குங்குமச் சிமிழும் வைக்கப்படாததற்கு அந்தப் பொரிதான் காரணம்.

நினைவுப் பரிசைப் பற்றியும் பேச்சு நடந்தது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்றார் ஒருவர். தஞ்சாவூர்த் தட்டு என்றார் மற்றொருவர். தட்டின் நடுவில் பெரும்பாலும் தெய்வ உருவம் இருக்கும், அதை உங்கள் வீட்டுச் சுவரில் எங்கே மாட்டுவது என்று நீங்கள் தடுமாற வேண்டாம் என்று எண்ணி, உள்ளூர்த் தச்சர் செய்த சாய்வு நாற்காலி ஒன்றையும், உங்கள் பேத்திக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றையும் தேர்ந்தோம். எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் அந்தப் பொம்மையைப் பேத்தி விடாமல் தள்ளிப் பார்ப்பாள். நாற்காலியில் உங்களை எவ்வளவு நேரம் உட்காரவிடுவாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இனி வாழ்த்து. இங்கே கூடியிருப்பவர்களில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் உண்டு. எங்கும் போகாத கறுப்புச் சட்டைத் தோழரும் செங்கொடித் தோழர்களும் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே குரலில் சொல்லக்கூடிய சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து, உங்கள் முன் வைக்கிறேன்.

அண்ணன் அவர்களே, நீங்களும் அண்ணியாரும் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் பொடி எழுத்தைப் பார்த்த கண்களுக்கு, பேத்தியின் முகத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கும் தெளிவு நிலைக்க வேண்டும். உயரமான முக்காலியில் உட்கார்ந்து தேய்ந்த முழங்கால்கள் விடியற்காலை நடைக்கு இடம் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய கடன் எதுவும் பாக்கி நிற்காமலும், உங்களுக்குச் சேர வேண்டிய பணிக்கொடை நாள் கடத்தாமல் கைக்கு வந்தும், இரவில் நிம்மதியான உறக்கம் கிட்ட வேண்டும். பிள்ளைகள் தொலைவில் வேலை பார்த்தாலும் மாதம் ஒருமுறையேனும் ஒரே பாயில் அமர்ந்து உங்களோடு உண்ண வேண்டும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையைத் தாண்டி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைமடையில் இருக்கும் உங்கள் ஒன்றரை ஏக்கருக்கும் உரிய காலத்தில் எட்ட வேண்டும். குறுவையும் சம்பாவும் மழையில் சாயாமல் களம் சேர வேண்டும்.

உங்கள் வீட்டில் உங்களுக்காகக் கேட்கப்படும் நலன்கள் யாவும் உங்களுக்குக் கிடைக்கட்டும். எங்கள் வீடுகளில் நாங்கள் அவரவர் வழக்கப்படி உங்களை நினைத்துக்கொள்வோம். வழக்கம் என்று ஏதும் இல்லாதவர்கள் வெறுமனே உங்களை நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் மேசைக்கு வருகிற தம்பி, அடங்கலை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை நேற்றிலிருந்து தொடங்கியிருக்கிறார். வருவாய்க் கிராமத்தின் பெயரில் ஐயம் வந்தால் உங்களைத்தான் தொலைபேசியில் அழைப்பார், எடுத்துப் பேசுங்கள்.

நாற்காலியை வேனில் ஏற்றிவிட்டார்கள். பொம்மை இதோ, அண்ணியார் கையில் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.