மெய்ப்புத் திருத்துநர் வேலை: எங்கள் முடிவு

அன்புள்ள கயல்விழி,

வணக்கம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெய்ப்புத் திருத்துநர் வேலைக்கு உங்களை எடுக்க முடியவில்லை. கடைசிச் சுற்றுக்கு வந்த இருவரில் மற்றவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவரும் நேற்று சம்மதம் சொல்லிவிட்டார். வேறு இடங்களில் பேசிக்கொண்டிருந்தால் எங்களை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றோம், மூன்று வாரம் ஆகிவிட்டது. நடுவில் நீங்கள் விசாரித்து எழுதியபோதும் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன். அவர் சேர்வாரா மாட்டாரா என்று தெரியாமல் உங்களிடம் என்ன சொல்வது என்று இழுத்துவிட்டேன். அதையே அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மன்னியுங்கள்.

காரணத்தையும் சொல்ல வேண்டும். அவர் தாளில் திருத்துவதோடு, இன்டிசைனில் பக்கத்தைத் திறந்து தானே திருத்தம் போட்டுவிடுவார். ஜனவரி புத்தகக் காட்சிக்குள் எங்களுக்கு 14 நூல்கள் முடிய வேண்டும். வடிவமைப்புக்கு இருப்பதோ ஒரே ஆள். உங்களுக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுக்க இந்த ஆண்டு யாருக்கும் நேரம் இல்லை. விளம்பரத்தில் இதைத் "தெரிந்தால் நல்லது" என்று போட்டிருந்தோம். "கட்டாயம் தெரிய வேண்டும்" என்று போட்டிருந்தால் நீங்கள் திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலில் கண்விழித்து வந்திருக்க வேண்டியதில்லை. அது எங்கள் பிழை. போக வர ஆன டிக்கெட்டைப் படம் எடுத்து இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள்; பணத்தை இந்த வாரமே அனுப்பிவிடுகிறோம். தயங்க வேண்டாம், கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

நீங்கள் திருத்திய 12 பக்கங்களைப் பற்றியும் கொஞ்சம் எழுத விரும்புகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் நாவலாசிரியர் 1947 ஆகஸ்ட் 15 சனிக்கிழமை என்று எழுதியிருந்தார். ஓரத்தில் பென்சிலால் "வெள்ளி அல்லவா?" என்று கேட்டிருந்தீர்கள். தேர்வு எழுதியவர்களில் கிழமையைச் சரிபார்த்தது நீங்கள் ஒருவர்தான். நாங்கள் வேண்டுமென்று வைத்த பிழையும் இல்லை அது. மூன்று பேர் படித்தும் எங்கள் கண்ணுக்குத் தப்பியது. ஆசிரியரிடம் சொன்னோம், மாற்றிவிட்டார். அடித்துத் திருத்தாமல் கேள்வியாக விட்டீர்களே, அந்தப் பக்குவம் எனக்கு வர நாலைந்து வருடம் பிடித்தது.

சறுக்கிய இடங்கள் இரண்டு. முதலாவது ஒற்று. "படித்த புத்தகம்", "வந்த பையன்" என்று வரும் இடங்களில் "படித்தப் புத்தகம்", "வந்தப் பையன்" என்று ப் போட்டிருந்தீர்கள். இப்படிப்பட்ட பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. ஆனால் "ஓடாக் குதிரை" மாதிரி ஈறு கெட்ட எதிர்மறையாக இருந்தால் மிகும், அங்கே விட்டுவிட்டீர்கள். இது ஒரு வாரம் உட்கார்ந்தால் கைவந்துவிடும் விஷயம்.

இரண்டாவதுதான் எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ராமநாதபுரத்துப் பாட்டி "மாமா நேத்தே வந்தாக" என்கிறாள். அதை "மாமா நேற்றே வந்தார்கள்" என்று மாற்றிவிட்டீர்கள். இப்படிப் பாட்டியின் பேச்சு முழுவதும் எழுத்துத் தமிழாகிவிட்டது. கதை சொல்பவரின் நடை வேறு, பாத்திரத்தின் வாய்ப்பேச்சு வேறு. பேச்சில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பக்கத்தில் "வந்தாக", இன்னொரு பக்கத்தில் "வந்தாவ" என்று மாறி மாறி வருகிறதா என்று. மற்றபடி பாட்டியைப் பேச விட்டுவிடலாம்.

இது மட்டும் என்றால் உங்களை எடுத்திருப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவைத் தீர்மானித்தது இன்டிசைன்தான்.

"உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம்" என்று எழுதப்போவதில்லை. அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்த வேலை இனி இந்த ஆண்டு காலியாகாது. அடுத்த வருடம் ஆள் தேவைப்பட்டால் விளம்பரம் போடும் முன் உங்களுக்கு ஒரு வரி எழுதுகிறேன். வேலை தருவேன் என்ற வாக்கு இல்லை அது, தகவல் மட்டும்.

நீங்கள் திருத்திய 12 பக்கங்களை ஸ்கேன் செய்து, எங்கள் குறிப்புகளோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏதாவது புரியவில்லை என்றாலும், "இது சரிதானே, ஏன் தவறு என்கிறீர்கள்" என்று சண்டை போடத் தோன்றினாலும் எழுதுங்கள். ஏழாம் பக்கத்தில் "முயற்சிக்கிறேன்" என்பதை "முயல்கிறேன்" என்று நீங்கள் மாற்றியது பற்றி இங்கே எங்களுக்குள்ளேயே இன்னும் தகராறு தீரவில்லை.

அன்புடன்,
மீனாட்சி
பதிப்பாசிரியர்