திருவல்லம் சோமவாரச் சொற்பொழிவு: கருத்தும் மேற்கோளும்

கார்த்திகை இரண்டாம் சோமவாரம், உழவாரப் பணி முடிந்தபின் வில்வநாதேசுவரர் கோயில் மண்டபத்தில் ஐயா பேசியது. பதிவு 50 நிமிடம். பேச்சு ஓடிய வரிசையை விட்டு, கருத்து வரிசையில் அடுக்கியிருக்கிறேன். பாடல் வரிகளைப் புத்தகத்தில் சரிபார்த்தேன்.

1. பணி நம் கடன், தாங்குவது அவன் கடன்.

- அப்பர், ஐந்தாம் திருமுறை, திருக்கடம்பூர்: "தன்கடன் அடியேனையும் தாங்குதல் / என்கடன் பணிசெய்து கிடப்பதே."
- ஐயா: "எல்லாரும் ரெண்டாவது வரிய மட்டும் போர்டுல எழுதி மாட்டிடறோம். மொத வரிய விட்டுட்டா அது வெறும் வேலைக்காரன் பேச்சு. மொத வரிதான் தெம்பு."
- ஐயா: "'அடியேனையும்'னு ஒரு 'உம்' போட்டாரே, கவனிச்சீங்களா? இத்தன பேரத் தாங்குறவன் என்னையும் தாங்குவான்னு அர்த்தம்."

(பேச்சு வேகத்தில் இந்த வரியை ஓரிடத்தில் மாணிக்கவாசகர் பெயரில் சொல்லிவிட்டார். திருத்தியிருக்கிறேன்.)

2. சந்நிதியைப் பார்த்து நிற்பது மட்டும் பக்தி ஆகாது.

நம் கோயில் நந்தியை வைத்துச் சொன்னது. பேச்சில் கால்வாசி இதுதான், கேட்டவர்கள் அசையவில்லை. காஞ்சனகிரியிலிருந்து அபிஷேக நீர் கொண்டுவந்தவரைக் கஞ்சன் என்ற அசுரன் மறித்தான், நந்தி அவனை அழித்தது என்பது தலபுராணம். அவன் திரும்பி வராமல் காக்கவே நந்தி இன்றும் சுவாமிக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்திருக்கிறது.

- ஐயா: "எந்தச் சிவன் கோயில்லயும் நந்திக்குக் கிடைக்கிற தரிசனம் இங்க கிடையாது. ஆனா கோச்சுக்கல. தண்ணி தூக்கிட்டு வர்ற ஆளு பத்திரமா வரணும்னு ஒக்காந்திருக்கு."
- ஐயா: "மடப்பள்ளியில பாத்திரம் தேய்க்கிறம்மா தீபாராதனையப் பாக்க முடியலைன்னு வருத்தப்பட்டாங்க. ஏம்மா, நந்தியும் பாக்கலியே!"

3. காசில்லை என்பது சாக்கு.

- திருமூலர், திருமந்திரம்: "யாவர்க்கு மாம்இறை வற்குஒரு பச்சிலை / யாவர்க்கு மாம்பசு வுக்கொரு வாயுறை / யாவர்க்கு மாம்உண்ணும் போதொரு கைப்பிடி / யாவர்க்கு மாம்பிறர்க் கின்னுரை தானே."
- அப்பர், ஆறாம் திருமுறை, திருவாரூர்: "புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கு மிட்டு."
- ஐயா: "இங்க சுவாமி பேரே வில்வநாதர். பச்சிலைக்கு எங்கயும் அலைய வேணாம்."

4. பணி செய்யும் இடத்தில் சொல்லும் இனிக்க வேண்டும்.

- குறள் 100: "இனிய உளவாக இன்னாத கூறல் / கனியிருப்பக் காய்கவர்ந் தற்று."
- ஐயா: "திருமூலர் நாலாவதா வெச்ச இன்னுரைதான் நமக்குக் கஷ்டம். தொடப்பத்துக்கு அடிச்சிக்கிறோம்."

கடைசி ஐந்து நிமிடம் அடுத்த வார ஏற்பாடு. அதில் ஒன்று மட்டும்: "ஒட்டடைக் கம்பு ரெண்டக் காணோம். எடுத்துட்டுப் போனவங்க வர்ற சோமவாரம் கொண்டாந்துடுங்க, யார்னு கேக்க மாட்டேன்."